ஐந்தா, ஆறா, எட்டா

ப்ளஸ் ஒன் சேர்ந்த அந்த ஆடி மாதத்தில், கிருத்திகைக்கு ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்த வாரத்தில், எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, என்னை உள் அறையில் படுக்க வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடும் சத்தமும், முருகன் கோயில் மலைப்பாதை ஒலிபெருக்கிப் பாட்டும் சேர்ந்து நாள் முழுக்கக் கேட்டபடி இருக்கும். அம்மா அந்தக் கொட்டகையில்தான் தறி ஓட்டினாள். எனக்கு உடம்பு முழுக்க அரிப்பு. அதைவிடப் பெரிய கவலை, வேதியியலின் முதல் அலகுத் தேர்வு.

டஜன் போலத் துகள்களை எண்ணும் மோல் என்ற அளவை வைத்துப் போடும் கணக்குகள் வரும் பாடம் அது. எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பயம் காட்டிய பாடம். எனக்கு மட்டும் ஏனோ பிடித்துப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்களை எடை போட்டே எண்ணிவிடலாம் என்று தெரிந்தபோது பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தத் தேர்வை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அம்மாவைப் பேச வைத்தேன். அவள் வேதியியல் டீச்சருக்குப் போன் செய்தாள்.

“வணக்கம்ங்க டீச்சர். பாப்பாவுக்கு அம்மா வந்துக்கீது. ஸ்கூலுக்கு வர முடியாது. ஆனா பரீட்சை எழுதியே தீருவேன்னு அழுதுகினு கீதுங்க.”

டீச்சர் சற்று யோசித்திருக்க வேண்டும். பிறகு, வகுப்பில் தேர்வு தொடங்கும்போது வினாத்தாளைப் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்புவதாகவும், வீட்டிலேயே எழுதி விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியும் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா அதை அரசு உத்தரவு போல எடுத்துக்கொண்டாள். தேர்வு நாளன்று காலை தறிக்கு லீவு சொன்னாள். என் புத்தகத்தைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள். வாசல் பக்கம் முதுகைக் காட்டி, என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் பாத்துகினேதான் இருப்பேன். எழுது,” என்றாள்.

படம் வந்தது. கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். கடைசிக் கேள்விக்கு வந்தபோதுதான் சிக்கல். வினாத்தாளை மடித்து வைத்திருந்த மடிப்பு சரியாக அந்த வரியில் விழுந்திருந்தது. இருபத்தெட்டு கிராம் நைட்ரஜன் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதோடு வினைபுரியும் ஹைட்ரஜன் எத்தனை கிராம் என்ற ஒற்றை எண்தான் மடிப்பில் நசுங்கியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் எட்டு மாதிரி இருந்தது. சின்னதாக்கினால் ஆறு. போனைச் சாய்த்தால் ஐந்தாகவும் இருக்கலாம் போலத் தோன்றியது.

கேள்வி இதுதான்: வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எது, எவ்வளவு அம்மோனியா உருவாகும், எந்த வினைபடுபொருள் எவ்வளவு மீதமாகும். எது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்துகிறதோ அதுதான் அந்தக் காரணி. அந்த ஒற்றை எண் மாறினால் விடையே மாறிவிடும்.

அம்மா டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தேர்வு நடக்கும் அறையில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்.

“வுட்டுடு கண்ணு. மத்ததெல்லாம் எழுதிட்ட இல்ல?” என்றாள் அம்மா.

விட முடியவில்லை. சமன்பாட்டை எழுதிப் பார்த்தேன். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன், கிடைப்பது இரண்டு மோல் அம்மோனியா. இருபத்தெட்டு கிராம் நைட்ரஜன் என்பது சரியாக ஒரு மோல். ஹைட்ரஜனின் ஒரு மோல் இரண்டு கிராம். அப்படியானால் அதற்குத் தேவை ஆறு கிராம்.

அங்கே எனக்கு ஒன்று புலப்பட்டது. ஆறு கிராம் கொடுத்திருந்தால் இரண்டும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். எதுவும் மீதம் இருக்காது. ஆனால் கேள்வியோ மீதம் எவ்வளவு என்று கேட்கிறது. ஆகவே அது ஆறு இல்லை. இதை அப்படியே ஒரு வாக்கியமாக விடைத்தாளில் எழுதினேன்.

மீதி இருந்தது ஐந்தும் எட்டும். இரண்டையும் போட்டேன். ஐந்து கிராம் என்றால் ஹைட்ரஜன் இரண்டரை மோல்தான், மூன்றுக்குக் குறைவு. ஹைட்ரஜன் முதலில் தீரும். அம்மோனியா 28.33 கிராம், நைட்ரஜன் 4.67 கிராம் மீதம். எட்டு கிராம் என்றால் ஹைட்ரஜன் நான்கு மோல். இப்போது நைட்ரஜன் முதலில் தீர்ந்துவிடும். அம்மோனியா முப்பத்து நான்கு கிராம், ஹைட்ரஜன் இரண்டு கிராம் மீதம். போட்ட எடையும் வந்த எடையும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு இடத்திலும் கூட்டிப் பார்த்தேன். முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று, முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. படத்தில் எண் தெரியவில்லை, அதனால் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன் என்று மேலே குறிப்பு எழுதிவிட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் ஒவ்வொரு பக்கமாகத் தரையில் விரித்து, நிழல் விழாமல் நாலு தடவை எடுத்து அனுப்பினாள். பிறகு கேட்டாள். “ஏம்மா, எட்டு கிராம், இருபத்தெட்டு கிராம்னா, எட்டு தானே முதல்ல தீரணும்? அதுதானே கம்மி?”

“எடைய பாக்கக் கூடாதும்மா. எத்தனை மோல் கீது, எத்தனை மோல் வேணும்னு பாக்கணும். ஹைட்ரஜன் ரொம்ப லேசு. எட்டு கிராம்லயே நாலு மோல் கீது. வேண்டியது மூணுதான்.”

“ஆங்,” என்றாள். புரிந்ததோ இல்லையோ, புரிந்த முகத்தோடு பரணிலிருந்து புத்தகத்தை இறக்கித் தந்தாள்.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து குரல் செய்தி வந்தது. அம்மா போனை என் காதருகே பிடித்தாள்.

“எட்டு கிராம்மா. மடிப்பை நான் கவனிக்கல. வகுப்புல பாதிக்கு மேல ஹைட்ரஜன்னு எழுதி வச்சிருக்காங்க, எடை கம்மின்னு பாத்துட்டு. நீ எண்ணே தெரியாம சரியா போட்டிருக்க. ஆறு ஏன் வராதுன்னு எழுதின பாரு, அத நான் கேக்கவே இல்ல. அஞ்சு மார்க்குக்கு அஞ்சு. அதுக்கு மேல குடுக்க இடமில்ல. உன் தாளை நாளைக்கு வகுப்புல காட்டட்டுமா?”

நான் அந்தச் செய்தியை இன்னொரு தடவை போடச் சொன்னேன். அம்மாதான், “காட்டுங்க டீச்சர், தாராளமா காட்டுங்க,” என்று பதில் அனுப்பினாள்.

மறுநாள் டீச்சர் மடிப்பு விழுந்த அந்தப் படத்தையே வகுப்பில் காட்டி, எண் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். பிறகு என் விடையைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதிப்போட்டாராம். என் தோழி மத்தியானமே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். “போர்டுல உன் கணக்குடி. எல்லாரும் எழுதிகினோம்,” என்றாள். நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். கொப்புளங்கள் வலித்தன. ஆனாலும் சிரித்தேன்.

அம்மா அந்தக் குரல் செய்தியை அழிக்கவே இல்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணி ஊற்றி நான் எழுந்த பிறகு, அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். தறிகளுக்கு நடுவே எதுவும் கேட்காது என்று, வேலை முடியும்வரை காத்திருந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினாளாம். அவர்களில் ஒரு அத்தை என்னைத் தெருவில் பிடித்து, “இன்னாமே, நம்பரே இல்லாம கணக்கு போட்டியாமே?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று முழுக்க நடையே வேறு மாதிரி இருந்தது.

இப்போது நான் வேதியியல் பட்டப்படிப்பில் இருக்கிறேன். காலை மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகிறேன். ஆய்வகத்தில் இதைவிடக் கடினமான கணக்குகள் வருகின்றன, சிலவற்றில் தப்பும் செய்கிறேன். ஆனால் எனக்கு இது வரும் என்று நானே நம்பத் தொடங்கியது அந்த உள் அறையில்தான், அம்மா கண் இமைக்காமல் காவல் இருந்தபோது.