மைனஸ் வரிகள்

திங்கட்கிழமை காலையில் ஹைமாவதி முதலில் தேடுவது ஸ்கேலை. அது மகள் பள்ளிக்குக் கொண்டுபோய் உடைத்தது. பதினொன்றாம் எண்ணோடு நின்றுவிட்டது. அச்சடித்த பட்டியலின் கடைசி மொத்தத்துக்கு அடியில் அதை வைப்பாள். இடதுகை விரலைத் திரையில் இருக்கும் கணக்குப் புத்தக மொத்தத்தில் வைத்து, பைசாவிலிருந்து தொடங்கி வலமிருந்து இடமாக, உதடு மட்டும் அசைய வாசிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் பச்சைப் பேனாவால் ஒரு டிக். பதினேழு வருடங்களில் ஒருமுறைகூட மொத்தம் தப்பியதில்லை.

விஜயவாடாவில் மருத்துவமனைகளுக்குச் சாமான் விற்கும் கம்பெனி அது. யார் எந்தப் பில்லுக்குப் பணம் தரவில்லை, கெடு முடிந்து எத்தனை நாள் என்று முப்பது, அறுபது, தொண்ணூறு, அதற்கும் மேல் என நாலு கட்டங்களில் பிரித்து வாராவாரம் வசூல் குழுவுக்கு அனுப்புவது அவள் வேலை. கடைசிக் கட்டத்தில் விழுந்தவருக்கு அடுத்த நாளே சரக்கு நிற்கும்.

டிக் போட்டபிறகு இன்னொன்றும் செய்வாள். பட்டியலில் மைனஸ் போட்ட வரிகளை மறைத்துவிடுவாள். வாடிக்கையாளர் பணம் கட்டியிருந்து, எந்தப் பில்லுக்கு என்று இன்னும் சேர்க்காமல் இருந்தால் அது மைனஸாக நிற்கும். "அந்த மைனஸைப் பாத்தாலே நம்ம பசங்களுக்குத் தலை சுத்துதுக்கா, எடுத்துட்டு அனுப்புங்க" என்று வசூல் தலைவர் சூரிபாபு மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தார். அவளும் எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு அவள் மேசை முன்னால் ஒருவர் வந்து நின்றார். தெனாலியில் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் டெக்னீஷியன் கோட்டய்யா. முதல் ரயிலில் வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், நேத்து வரவேண்டிய ஃபில்டர் வரல. இன்னிக்கு ராத்திரியோட இருப்பு முடியுது. நாளைக்குக் காலைல பன்னெண்டு பேர் வந்து உக்காருவாங்க."

"உங்க பில் தொண்ணூத்தினாலு நாள் ஆச்சுங்க. கடைசிக் கட்டத்துல இருக்கு."

பக்கத்து மேசையிலிருந்து சூரிபாபு தலையைத் தூக்கினார். "கட்டிட்டோம்னு சொல்லப்போறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் காளி மேல சத்தியம் பண்ணார்."

கோட்டய்யா நாலாக மடித்த வங்கித் தாளை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார். ஜூன் மூன்றாம் தேதி. ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது.

ஹைமாவதி அந்த மையத்தின் கணக்கைத் திறந்தாள். இருந்தது. அதே தேதி, அதே தொகை, அவள் கையால் ஏற்றியது. மூன்று பில்லுக்குச் சேர்த்து, திருப்பி அனுப்பிய ஒரு பெட்டிக்கான தொகையைக் கழித்து மொத்தமாக அனுப்பியிருந்தார்கள். எந்தப் பில்லோடும் நேராகப் பொருந்தவில்லை. 'பிரிப்பு கேட்க வேண்டும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். கேட்கவில்லை. பணம் மைனஸாக நின்றது. பில்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் கட்டம் கட்டமாக நகர்ந்து கடைசிக்கு வந்திருந்தன. மைனஸும் சேர்ந்ததால் மொத்தம் எப்போதும் ஒத்துப்போனது. அவள் டிக் போட்டுக்கொண்டே இருந்தாள்.

திரையில் விரலை வைத்து, தாளில் இருந்த தொகையோடு வலமிருந்து இடமாக இன்னொரு தடவை வாசித்தாள்.

"என்னக்கா, இருக்கா?" என்றார் சூரிபாபு.

"இருக்கு. எழுபது நாளைக்கு மேல இருக்கு. நான்தான் மறைச்சிருக்கேன்."

சூரிபாபு எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "நான் இவங்க டாக்டருக்கு ஆறு தடவை போன் போட்டேன். கடைசித் தடவை..."

"நம்ம சரக்கு வண்டி எத்தனை மணிக்கு?" என்றாள் ஹைமாவதி.

"தெனாலி வண்டி பதினொன்னரைக்கு."

கோட்டய்யா பிரிப்பைச் சொல்லச் சொல்ல, மூன்று பில்லையும் பணத்தோடு சேர்க்கப் பத்து நிமிடம் ஆனது. தடையை நீக்க முதலாளியின் கையெழுத்து வேண்டும். கோட்டய்யாவைக் கூட்டிக்கொண்டு போய், நடந்ததைத் தானே சொன்னாள். முதலாளி கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

பெட்டிகளோடு கோட்டய்யாவும் வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டார். "ரயில் டிக்கெட் மிச்சம் மேடம்" என்றார். அவர் சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மைனஸ் வரிகள் எதையும் மறைக்காமல் பட்டியலை அனுப்பினாள். முப்பத்தொரு வரிகள். ஒவ்வொன்றாகப் பில்லோடு சேர்க்க மூன்று வாரம் ஆனது. குடிவாடாவில் உள்ள ஒரு சின்னச் சர்ஜிக்கல் கடை, சரக்கு நின்றுவிடும் என்று பயந்து, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது தொகை பில்லோடு சேர்ந்துவிட, முதலில் கட்டிய தொகை ஒரு வருடமாக மைனஸாகத்தான் மறைந்து நின்றிருந்தது.