மாமா எழுதிய கார்டு

புயலில் கூரை போன மாமா, உப்பளம் பக்கம் அப்பா கட்டிய வீட்டில் வாடகையில்லாமல் குடியேறினார். காலி செய்யச் சொன்னதும், “பன்னெண்டு வருஷமா இருக்கேன், வீடு என்னுது” என்றார். அப்பா கடப்பாரையோடு கிளம்பினார்.

நான் அவரைத் திண்டிவனம் வக்கீலிடம் இழுத்துப் போனேன்; அம்மாவும் கூட வந்தாள். வக்கீல் தடுத்தார். “கை வெச்சா நீங்கதான் மாட்டுவீங்க. நோட்டீஸ் விட்டு கேஸ் போடுங்க. நீங்க இருக்கச் சொல்லி இருந்தவருக்கு வருஷம் ஆயிட்டா மட்டும் வீடு சொந்தமாகாது. நீங்க இருக்கச் சொன்னதுக்கு ஆதாரம் இருக்குதா?”

தன் தம்பிக்காக அம்மா வாய் திறக்க மாட்டாள் என்று நான் பல்லைக் கடித்தேன். அவளோ மாமாவின் பழைய கார்டை மேஜைமேல் ஓங்கி அடித்தாள்.

‘அக்கா, கூரை போடற வரைக்கும் உன் வீட்டுல இருந்துக்கறேன்.’

“சாட்சி சொல்ல நானே வர்றேங்க. அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும்.”