வெல்லம் போடச் சொன்னது யாரு

எங்க கம்பெனி எச்.ஆர். ரஞ்சிதா கன்னட எல்லையோரம் இருக்கற பாகலூர்க்காரி. வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், எங்ககிட்ட தமிழ், மூணுலயும் வெளுத்து வாங்குவா. வாட்ஸ்அப் குரூப்ல அறிவிப்பு எழுத உக்காந்தா மட்டும் வேற ஆளாயிடுவா. குடிதண்ணி வராத அன்னிக்கு, "நீர் சார்ந்த சேவையை மேம்படுத்தும் பயணத்தில் இருக்கிறோம்"னு போட்டா. நாங்க பக்கத்து கம்பெனிக்குப் பயணம் போய்த் தண்ணி குடிச்சோம்.

போன மாசம் கேன்டீன் சாம்பார் திடீர்னு இனிக்க ஆரம்பிச்சுது. எங்க லைன்ல பாதிப் பேர் மதுரை, ராம்நாடு பக்கம், காரம் இல்லாம சோறு இறங்காது. ரெண்டு நாள் பொறுத்தோம். மூணாம் நாள் ஒருத்தரும் தட்டைத் தொடலை. சமையல்கார சென்னம்மாவை நாளையில இருந்து வர வேணாம்னுட்டார் கான்ட்ராக்டர். அவ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. புருஷன் இல்லாத குடும்பம்.

கேன்டீன் கமிட்டியில இருக்கறவளாச்சேன்னு ரஞ்சிதா என்கிட்ட போனை நீட்டினா.

"இருளாயி, இது ஓகேவா?" குரூப்ல போட அவ எழுதி வச்சிருந்த அறிவிப்பு:

"உங்கள் உணவு அனுபவமே எங்கள் முன்னுரிமை. சுவை சார்ந்த சவால்கள் முழுமையான அணுகுமுறையுடன் ஆராயப்பட்டு, பொறுப்பானவர்கள் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

"கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு போ. இதுல சாம்பார் எங்கடி?"

சிரிச்சா. அப்புறம் தானே திருத்த ஆரம்பிச்சா. 'உணவு அனுபவம்' போய் சாம்பார் வந்துச்சு. 'சுவை சார்ந்த சவால்' வெல்லம் ஆச்சு. 'முழுமையான அணுகுமுறை'க்கு என்ன அர்த்தம்னு அவளுக்கே தெரியலை, அழிச்சுட்டா. 'வெல்லம் போடப்பட்டது'ன்னு அடிச்சதும் கை நின்னுச்சு.

"போடச் சொன்னது யாருன்னு எழுதணுமே."

"யாரு?"

"மேனேஜர் சௌந்தரராஜன் சார். பெங்களூர்ல இருந்து வந்த ஹெட் ஆபீஸ் பெரியவர் சாம்பார் இனிப்பா இருந்தா நல்லாருக்கும்னாரு. சார் அன்னைக்கே சென்னம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன்."

மேனேஜர் ரூமுக்கு ரெண்டு பேருமே போனோம். ரஞ்சிதா படிச்சுக் காட்டினா:

"மூணு நாளா சாம்பார்ல வெல்லம் போட்டோம். போடச் சொன்னது சௌந்தரராஜன் சார், சென்னம்மா இல்லை. அவங்க வேலையில தொடருவாங்க. இன்னைக்கு நைட் ஷிப்ட்ல இருந்து வெல்லம் கிடையாது. பசியோட வேலை பார்க்க வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

"என் பேரு எதுக்கும்மா? 'நிர்வாக ரீதியிலான சுவை சீரமைப்பு'ன்னு போடேன்."

"அப்படிப் போட்டா சென்னம்மா வேலை போயிடும் சார்."

ரஞ்சிதா இவ்வளவு நேரா பேசி நான் பார்த்ததே இல்லை. அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி. பேரு வேணாம். மேனேஜர்னு போடு."

எங்க கம்பெனியில இருக்கறது ஒரே ஒரு மேனேஜர். நாங்க அப்படியே குரூப்ல போட்டுட்டு வெளியே வந்தோம்.

அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ரெண்டாம் தடவை வாங்கினதுல கேன்டீன்ல சோறு பத்தலை. சௌந்தரராஜன் சாரும் வரிசையில தட்டோட நின்னார். சென்னம்மா சாம்பார் ஊத்திட்டு, ரொம்ப மரியாதையா கேட்டா.

"சார், உங்களுக்கு மட்டும் வெல்லம் தனியா வச்சிருக்கேன். போடட்டுங்களா?"