மனோரமா படித்துச் சொன்னது

அருள்குமாருக்குத் தமிழில் பேச வரும், திட்ட வரும், கனவு காணக்கூட வரும். படிக்க மட்டும் வராது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் இதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரில் எவனும் திருப்பதிக்குப் போய், "தமிழ் நம்ம தாய்மொழி சார், பாத்துக்கலாம்" என்று மார்தட்டி வேலையை வாங்கிக்கொள்ளவில்லை. இவன் வாங்கிக்கொண்டான்.

கொடுத்தவர் ஹரிபாபு. அலிபிரி போகிற ரோட்டில் சின்னதாக ஒரு ஆபீஸ் வைத்து, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பர வீடியோ செய்பவர். தறி எண்ணெய்க் கறையைப் போக்கும் மருந்து ஒன்றுக்குத் தெலுங்கில் அரை நிமிட வீடியோ எடுத்திருந்தார். அது நகரி, புத்தூர், திருத்தணி பக்கம் ஓட வேண்டுமானால் தமிழ் வேண்டும். குரலுக்குச் சித்தூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்தாயிற்று. எழுத்துப் போடுவது அருள்குமார் பொறுப்பு.

எழுத்துதான் முக்கியம் என்பது ஹரிபாபுவைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். பவர்லூம் ஷெட்டில் தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனாலும் நூல் அறுகாத நேரத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சத்தத்தை யாரும் வைப்பதே இல்லை. வைத்து என்ன பயன்? படமும் எழுத்தும்தான் அவர்களுக்கு வீடியோ; படிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஜாடை காட்டுவார்கள்.

அதனால் கைவேலையில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளை எழுத்துக்குக் கறுப்புக் கரை கட்டினான். கீழே லைக், கமெண்ட் பட்டன்கள் வந்து மறைக்காதபடி எழுத்தைச் சற்று மேலே ஏற்றினான். குரல் நீட்டி முழக்கிச் சொல்வதை எழுத்தில் சுருக்கினான். படமே காட்டுகிற விஷயத்தை மறுபடி எழுதி இடத்தை அடைக்கவில்லை. எழுதியது எப்படி என்று கேட்டால்தான் சிரிப்பு வரும். போனில் பேசினான், போன் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒவ்வொரு காட்சியின் மேலும் ஒட்டினான்.

அந்த வீடியோவில் இரண்டு காட்சிகள் உண்டு. மருந்து போட்ட புடவையை வெயிலில் காயப் போடுகிறார்கள், அதற்கு எழுத்து, "இப்படி வேண்டாம்." அடுத்து நிழலில் காயப் போடுகிறார்கள்; அதற்கு, "இப்படித்தான்." வெயில் பட்டால் மருந்து போட்ட இடம் மஞ்சளாகிவிடும், அதுதான் சங்கதி. நம் தமிழ்ப் புலவர் இரண்டு வரியையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டார். பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான், சத்தத்தோடு. குரல் சரியாகச் சொன்னது. எழுத்தும் சரியாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்?

வீடியோ நகரி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு, அங்கே தறி ஓட்டும் அவன் அம்மாதான் காரணம். மனோரமா திருத்தணியில் பிறந்தவள், அங்கே எட்டாவது வரை படித்தவள். அந்த ஷெட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அவளிடம்தான் வரும். தறி ஓடும்போது வாயால் சொல்ல முடியாது, கையால் சொல்வாள். மகன் திருப்பதியில் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டான் என்றே நினைத்தாள்; அவன் எழுத்துப் போட்ட வீடியோ என்றால் கேட்க வேண்டுமா? தறி தறியாகப் போய்ப் போனைக் காட்டினாள். வெயில் காட்சி வந்ததும் விரலை மேலே நீட்டிச் சூரியனைக் காட்டி, அப்படித்தான் என்று நன்றாகத் தலையை ஆட்டினாள்.

நாலு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"டேய் அருளு, அந்த மருந்த வெயில்ல போடணுமா, நெழல்ல போடணுமா?"

"நெழல்லதாம்மா. ஏன்?"

"எழுத்துல வெயில்லனு போட்டுக்கீதே."

"அதெல்லாம் இல்லம்மா. நீ சரியா பாரு."

"நான் பாத்துக்கினுதான்டா பேசறேன். பக்கத்துத் தறி பாப்பாத்தி ஊட்ல சத்தம் வெச்சிக் கேட்டுக்கீறா. வாய் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுதுன்னு காலைல இருந்து எங்கூட சண்ட. மூணு பேரு பொடவ மஞ்சளா பூட்ச்சி. என்னுதும்தான். நீ தொறந்து படிச்சிப் பாரு."

அவன் வீடியோவைத் திறந்தான். எழுத்துகள் அழகாக, மேலே ஏற்றி, கரை கட்டி நின்றன.

"படிடா. வாய்விட்டுப் படி."

அருள்குமார் படிக்காமல் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால்தான் இங்கே வேலை கிடைக்கும் என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான்.

"உனுக்குப் படிக்க வராதாடா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலில் கோபமே இல்லை.

அன்றைக்கே அந்த வரிகளைப் போனையே படிக்கச் சொல்லிக் கேட்டு, இடம் மாற்றினான். பழைய வீடியோவைக் கம்பெனியின் வீடியோப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுத் திருத்தியதை ஏற்றினான். ஹரிபாபு, "ஏமைந்தி, என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "சின்ன டைமிங் கரெக்‌ஷன் சார்" என்றான். பொய்யும் அவனுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் சரளமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனான். புடவை கெட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனான். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தான். ஷெட்டுக்குள் நுழைந்தபோது டீ நேரம், தறிகள் நின்றிருந்தன. பாப்பாத்தி அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். மனோரமாவுக்குப் பக்கத்துத் தறிக்காரி, வாய்க்கு அஞ்சாதவள்.

"வாப்பா தொரை. நீயே சொல்லு. நீ எழுதனது தப்பா, உங்கம்மா படிச்சது தப்பா?"

அவன் தயார் செய்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. சுற்றிலும் சின்ன வயசில் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள். திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்கியம் திரும்பி உள்ளே போய்விட்டது.

"இன்னாத்துக்கு அவன கேக்கற? வீடியோவப் போடு, எழுத்து எங்க ஓடிடப் போவுது" என்று யாரோ சொன்னார்கள். பாப்பாத்தி கம்பெனிப் பக்கத்தைத் திறந்து மனோரமாவிடம் நீட்டினாள். சத்தமில்லாமல் ஓடியது. வெயில் காட்சி வந்தது. மனோரமா படித்தாள். நிழல் காட்சி வந்தது. அதையும் படித்தாள். பிறகு தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இடம் மாற்றியதை அவளிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை.

"எழுத்து சரியாத்தான் கீது" என்றாள் மனோரமா. "வெயில் வேணாம்னுதான் போட்டுக்கீது. நான்தான் தப்பா படிச்சிட்டேன்."

"அவ்ளோ சண்ட போட்டியேடி என்னாண்ட!"

"கண்ணு சரியில்ல பாப்பாத்தி. வயசாவுதுல்ல?"

யாரும் கத்தவில்லை. பாப்பாத்தி போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "செரி வுடு. ஆனா இனிமே எங்களுக்குப் படிச்சிச் சொல்றேன்னு வராத தாயே. ஆஸ்பத்திரிச் சீட்டயெல்லாம் உன்ன நம்பிக் குட்த்துக்கினு இருந்தோம்."

மனோரமா தலையை ஆட்டினாள். இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று அருள்குமாருக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை போதும். வாய் திறக்கவே இல்லை. அம்மா அவன் பக்கம் வந்து, சட்டைத் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"பஸ்ஸு பூடும், நீ கெளம்பு" என்றாள்.

அவன் கிளம்பினான்.