மகளின் நெற்றியில் முளைத்த முடி

மினொக்சிடில் என்றால் இப்போது எல்லோருக்கும் வழுக்கைத் தலைதான் நினைவுக்கு வரும். எனக்கு அது பிறசர் குளிசை, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பத்து வருடமாக நிற்கிறேன். வேறு எந்தக் குளிசைக்கும் அடங்காத பிறசர் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு, கடைசியில்தான் அது எழுதப்பட்டு வரும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் சேலைத் தலைப்பால் தாடையை மூடிக்கொண்டு வந்து நின்றாள். தலைப்பை விலக்கினால் கன்னத்திலும் மேலுதட்டிலும் கறுத்த முடி. "மிஸ், நான் ஆம்பிளையா மாறுறனா?" என்று கேட்டாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என்றாலும் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"ரத்தக் குழாயச் சுத்தித் தசை இருக்கு. அது இறுகினாத்தான் பிறசர் ஏறுற. இந்தக் குளிசை அந்தத் தசையில இருக்கிற சின்னச் சின்னக் கதவத் திறந்து பொட்டாசியத்த வெளிய விடும். பொட்டாசியம் வெளிய போனா, கல்சியம் உள்ள வாற கதவு திறக்காது. கல்சியம் இல்லாட்டித் தசை இறுகேலாது. குழாய் விரியும், பிறசர் இறங்கும். முடி வளர்றது அதோட வாற பக்க விளைவு. நீங்க பொம்பிளதான், பயப்படாதீங்க."

முடியைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு முடியும் கொஞ்சக் காலம் வளர்ந்து, பிறகு சில மாதம் சும்மா இருந்து, உதிரும். இந்த மருந்து சும்மா இருக்கும் முடியைச் சீக்கிரம் எழுப்பிவிடும். வளரும் காலத்தையும் நீட்டிவிடும். எப்படி என்று கேட்டால், அங்கேயும் அதே பொட்டாசியக் கதவுகள்தான் என்று நினைக்கிறார்கள், முழுதாக யாருக்கும் தெரியாது. குளிசை இரத்தத்தோடு உடம்பெல்லாம் போவதால், தலை எது, கன்னம் எது என்று பார்க்காது. இந்தப் பக்க விளைவைக் கண்டுதான் பிறகு அதைத் தலையில் பூசும் தண்ணீர் மருந்தாக்கி விற்றார்கள். இதையெல்லாம் அவளுக்கு ஒப்புவித்துவிட்டு, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

அந்த நாட்களில் என் மகளுக்கு ஏழு மாதம். அவளுடைய நெற்றியில் மென்மையான முடி படர ஆரம்பித்திருந்தது. முதலில், பிறக்கும்போதே இருந்த முடிதான் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அடுத்த மாதம் அது புருவத்தோடு சேர்ந்துவிட்டது. கன்னத்தில், காதோரத்தில், கைகளில் கறுத்து நீண்டது. பூச்சுப் பொட்டு வைத்தால் முடியில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிய ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடும் பெண்ணுக்குச் சீதனமாக வந்ததாகவே இருக்கும். பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தைச் சேரும். அதனால் பிள்ளைக்கு ஒரு நல்லது என்றாலும் ஒரு குறை என்றாலும் தாயின் குடியைத்தான் கேட்பார்கள். மாமி, அதாவது என் கணவரின் தாய், ஒவ்வொரு ஞாயிறும் வந்து மகளை மடியில் வைத்து நெற்றியைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

"உங்கட குடியில ஆருக்கும் இப்பிடி இருந்ததாகா? மறைக்காமச் சொல்லு. இருந்தா அதுக்கொரு பரிகாரம் செய்யலாம்."

என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறும் "விடுங்கம்மா" என்று சொன்னதில்லை. தாய்க்குப் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பள்ளிக்கூட ஆசிரியர். முப்பத்து நாலு வயதில் உச்சியில் முடி மெலிந்திருந்தது. பெடியன்கள் ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய கூட்டாளி ஒருவர் சொல்லிச் சிரித்ததுண்டு. பின்னேரம் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போவார். அப்படி ஒரு சைக்கிள் பக்தி. திரும்பி வந்து கட்டிலில் சாய, மகள் அவருடைய தலையில் ஏறிவிடுவாள். முடியைப் பிடித்து இழுப்பாள், வாயில் வைத்துச் சப்புவாள், கன்னத்தை அவருடைய உச்சியில் வைத்து அப்படியே தூங்கிப்போவாள். பார்க்க எனக்குக் கண் நிறையும். இப்படி ஒரு தகப்பன் கிடைக்க இவள் கொடுத்து வைத்தவள் என்று அம்மாவிடம் கூடச் சொன்னேன்.

ஒருநாள் அவரிடம் ஸ்பிரிட்டு மணம் அடித்தது.

"குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டாளிமாரோட, கொஞ்சம்" என்றார்.



எட்டாம் மாதம் குழந்தை வைத்திய நிபுணரிடம் போனோம். அந்த டொக்டர் மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "இதயம் கொஞ்சம் வேகமா அடிக்குது. அழுறதாலயா இருக்கலாம்," என்றார். பிறகு கேட்டார். "வீட்டில ஆரும் தலைக்கு முடி மருந்து பூசுறவங்களா? கிறீம், ஹோர்மோன், அப்பிடி ஏதாவது?"

நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "இல்ல டொக்டர். நான் பாமசிஸ்ட். எங்கட வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம ஒரு மருந்து வராது."

டொக்டர் என் கணவரைப் பார்த்தார். அவரும் "இல்ல" என்றார்.

மருந்து இல்லை என்றால் மிஞ்சுவது நோய். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருந்தாலும் குழந்தைக்கு இப்படி முடி வரலாம். டொக்டர் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். எனக்குச் சுற்றி வளைக்கத் தேவையிருக்கவில்லை. இரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் ஒரு காலிலும் குத்தினார்கள். மகளின் தோளை நான் பிடித்தேன், கால்களை என் கணவர் பிடித்தார். அவள் கத்திய கத்தலில் அடுத்த அறைப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர் மேல் இரக்கப்பட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறையலாம் போல் இருக்கிறது.

வயிற்று ஸ்கேனுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் திகதி கிடைத்தது. அந்த ஒன்பது நாளில் ஒருநாள், கவுண்டரில் ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் பார்த்து, பக்கத்தில் நின்றவள் தடுத்தாள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்றார்கள். இரத்த முடிவுகள் வர இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அந்தக் கிழமையில்தான் காத்தான்குடிக்குப் போனேன். என்னோடு படித்த ஒருவர் அங்கே பாமசி நடத்துகிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் முடிந்துபோன ஒரு மருந்து அவரிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனது. வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. மகளின் படத்தைப் போனில் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ளைக்கிட்ட பேசினீங்களா?"

"அவருக்கிட்ட என்னத்தப் பேச? அவருக்கு என்ன தெரியும்?"

அவர் கடைப் பெடியனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "வாடிக்கையாளர்ர விசயம் வெளிய சொல்லப்படாது. ஆனா இது புள்ளட விசயம். அவரு என்னட்டத்தான் எடுக்காரு, தலைக்குப் பூசுற மினொக்சிடில். நூத்துக்கு அஞ்சு வீதம். அஞ்சு மாசமா. உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்ச."

தேத்தண்ணி வருமுன் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கடைக்கு நடந்து போயிருந்தார்; பின்னேரம் தவறாமல் அவர் துடைக்கப் போகும் மோட்டார் சைக்கிளின் சீற்றைத் தூக்கினேன். துடைக்கும் துணியில் சுற்றிய போத்தல் இருந்தது, முக்கால்வாசி முடிந்து. மூடியைத் திறந்தால் அதே ஸ்பிரிட்டு மணம். எங்கள் கட்டிலில் அவருடைய தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கிழமைக்கு ஒருமுறை அதைத் துவைத்துக் காயப்போடுகிறவள் நான்தான். என் மகள் முகத்தை வைத்துப் படுத்ததும் வாயில் வைத்துச் சப்பியதும் அந்த மருந்தைத்தான். பெரியவர்களின் பிறசரை இறக்குவதற்கென்று செய்த மருந்து, எட்டு மாதப் பிள்ளையின் இரத்தத்தில்.

அவர் வந்ததும் போத்தலை மேசையில் வைத்தேன். கத்தவில்லை. கத்தினால் அடுத்த அறையில் என் அம்மாவுக்குக் கேட்கும்.

"டொக்டர் கேட்டாவே. ஏன் சொல்லல்ல?"

"நீதான் முதல்ல இல்லெண்டு சொல்லிட்டாய். பாமசிஸ்ட் எண்டும் சொன்னாய். மறுகா நான் ஓமெண்டா உனக்குத்தானே வெக்கம்?"

எனக்காகத்தான் மறைத்தாராம். கால்களைப் பிடித்துக்கொண்டு ஊசிக்குக் கொடுத்ததும் எனக்காகத்தானாம்.

"குடிக்கிறனெண்டு சொன்னது?"

"அது ஆம்பிளையள் செய்யிறதுதானே. இத எப்பிடிச் சொல்லுற? இஞ்ச எல்லாமே உங்கட வீடு. அலுமாரி உங்கட. கண்ணாடி உங்கட. நான் மொட்டையா உங்கட சபையளில நிக்கிறது உனக்கு விளங்காது."

உண்மையில் அது எனக்கு விளங்கியது. விளங்கியதற்காக மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே மூவரும் கிளினிக்குக்குப் போனோம். "வீட்டில மினொக்சிடில் பாவிச்சிருக்கு டொக்டர், அஞ்சு வீதம். பிள்ளைக்குப் பட்டிருக்கு," என்றேன். யார் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லையாவது அவர் சொல்லட்டும் என்று விட்டேன்.

உடனே இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பழுதில்லை. மருந்து படுவது நின்றால் சில மாதங்களில் முடி தானாக உதிரும் என்றார். அப்படியே உதிர்ந்தது. அதிலிருந்து நாலாம் மாதம் நெற்றி வெளுத்துவிட்டது. அவர் பூசுவதை நிறுத்தியதால் அவருடைய உச்சியும் பழையபடி ஆகியது. மாமி, தான் கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன்தான் பலித்தது என்கிறார்.

ஆனால் அன்று டொக்டர் மகளின் கிளினிக் கொப்பியை விரித்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ள பெத்தாப் பிறகு முடி கொட்டுறது எல்லாருக்கும் வாறதுதான். அதுக்குப் போய், ஒரு பாமசிஸ்ட், பால் குடுக்கிற தாய், இதப் பூசுவீங்களா? அண்டைக்குக் கேட்டநேரம் இல்லெண்டும் சொன்னீங்க. பிள்ளைக்கு எத்தின ஊசி?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மகளின் தொப்பிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தார். அவிழ்த்தார். மறுபடியும் போட்டார். டொக்டர் எழுதத் தொடங்கும்வரை காத்திருந்தேன். எழுதி முடிக்கும்வரையும் காத்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவர் கொப்பியை என் கையிலிருந்து வாங்கி, மரநிழலில் நின்று அந்த வரியை வாசித்தார். தாய் பூசிய முடி மருந்தால் வந்தது என்று இருந்தது. மூடிப் பைக்குள் வைத்தார்.

"நல்ல டொக்டர்," என்றார்.