மூடையிலிருந்த முதல் எண்

யுத்த காலத்தில் எங்கள் சேத்தூர் வயலுக்குப் பெர்மிட்டில் கிடைத்தது ஒரே ஒரு மூடை அமோனியம் சல்பேட் உரம். நெற்பயிர் வெளிறிக் கிடந்தது. அந்த ஒரு மூடை பயிரைத் தூக்கிவிட்டால்தான் உண்டு; அடுத்த மூடைக்கு வழியில்லை.

மூடையில் கட்டியிருந்த அட்டையில் இங்கிலீஷ் எழுத்து. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, ஆனாலும் அந்தக் கர்வம் போகவில்லை.

"என்னலே போட்டிருக்கு?" என்றார் அய்யா, என் தகப்பனார்.

"நைட்ரஜன் இருபது. பாஸ்பரஸ் இல்ல, பொட்டாஷ் இல்ல."

"இருபதுன்னா?"

"நூறு பங்குல இருபது பங்குய்யா."

"மிச்சம் எம்பதும் மண்ணா?"

"மண்ணில்ல. நைட்ரஜனோட சேர்ந்திருக்கிற கந்தகமும் மத்ததும். நைட்ரஜன் இலைக்கு, பச்சை புடிக்கும். பாஸ்பரஸ் வேருக்கும் மணி புடிக்கவும். பொட்டாஷ் தண்டுக்கு, சாயாம நிக்கும், நோய் தாங்கும்."

அய்யா யோசித்தார். "வேருக்குத்தான் உழவுலயே எலும்புத்தூள் போட்டாச்சே. அந்த மூணாவது?"

"நம்ம அடுப்புச் சாம்பல்ல இருக்கு. இதோட கலந்து ஒரேயடியா வீசிரலாம்."

"சாம்பல தனியாத்தாம்லே இறைக்கணும். எங்க அய்யா அப்படித்தான் செஞ்சாவ."

"ஏன்?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் ராஜபாளையம் போயிருந்த சாயங்காலம் மூடையைக் களத்துக் கொட்டகையில் கொட்டி, நாலு கூடை சாம்பலைக் கலந்தேன். பறக்காமலிருக்கத் தண்ணீரும் தெளித்து, சாக்கைப் போட்டு மூடினேன்.

காலையில் சாக்கை எடுத்ததும் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பின்னால் வந்த அய்யாவும் இருமினார். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார்.

"ஆட்டுக்கிடை மூத்திரத்துல சாம்பல் விழுந்தா இதே நெடிதான். மறுவருசம் அந்த எடத்துல பயிரு செழிக்காது." கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, அட்டையில மொதல்ல போட்டிருந்தது எது?"

"நைட்ரஜன்."

"அதுதாம்லே இப்ப நம்ம மூக்குல ஏறுது."

வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"நிக்காத. மிச்சம் இருக்கிறதையாவது வயலுக்குக் கொண்டு போவோம்" என்று கூடையை எடுத்தார். வயலில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு பேருமாக வீசி முடித்தோம். பயிர் கொஞ்சம் தேறியது. பக்கத்து வயல்களின் பச்சை மட்டும் கடைசிவரை வரவில்லை. அறுப்பில் நெல்லும் குறைந்தது. அய்யா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுவருஷம் மகாராஜபுரத்திலிருந்து எங்களைப் போல் நெல் வைக்கும் ஒரு சம்சாரி தன் மூடை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது, எப்படிப் போட வேண்டும் என்று அய்யாவிடம் கேட்டார். அய்யா வரப்பு வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எம்மகன்ட்ட கேளுங்க. போன வருசம் வரைக்கும் அவனுக்கு வாசிக்க மட்டுந்தான் தெரியும். இப்ப முழுசாத் தெரியும்."