இறங்காத படகு

என் கணவர் வேலை பார்த்த கப்பலை ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் பிடித்து வைத்தபோது நானும் அதில் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அதிகாரிகளின் மனைவிகள் சில மாதம் கூடவே பயணம் செய்யலாம் என்று கம்பெனி அனுமதித்திருந்தது. ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள் நான். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

அவர் காவேரிப்பட்டினத்துக்காரர். அந்தக் கப்பலில் தேர்ட் ஆபீசர். உயிர்காக்கும் படகுகள், லைஃப் ஜாக்கெட், தீயணைப்புச் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கப்பல் பழையது. படகைத் தாங்கும் இரும்புக் கைகளுக்குப் புது உருளைகள் வேண்டும் என்று கம்பெனிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேப்டன் ஒவ்வொரு தடவையும், "அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம். இப்போதைக்குப் பெயிண்ட் அடித்து வை" என்பார். அவரும் ஆட்களை விட்டு அடித்து வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் பளிச்சென்று இருக்கும்.

அந்தத் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கயிறு கட்டி நிறுத்திய காலையில் ஒரு இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். அந்த நாட்டு அரசாங்கத்தின் ஆள். வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். கையில் டார்ச் லைட்டும் ஒரு சின்னச் சுத்தியலும்.

"யாருங்க இவரு? நம்ம கப்பல இவரு எதுக்குப் பாக்கறாரு?" என்று கேட்டேன்.

"எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் அவங்க தண்ணிக்கு வந்துட்டா அவங்க பாப்பாங்க. மொதல்ல சர்டிபிகேட்டு. அது சரியா இருந்து, ஒரு சுத்து சுத்திப் பாக்கறப்ப கப்பலும் சரியா இருந்தா எறங்கிப் போயிடுவாங்க. எங்கனா சந்தேகம் வந்துச்சுன்னாதான் உள்ள பூந்து தோண்டுவாங்க" என்றார். பேசும்போதே சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

சர்டிபிகேட்டுகளில் எந்தக் குறையும் இல்லை. அதன்பிறகு இன்ஸ்பெக்டர் மேல்தளத்தில் நடக்க ஆரம்பித்தார். கேப்டனும் என் கணவரும் பின்னால் போனார்கள். நான் எங்கள் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் அறைக்குக் காற்றுப் போகும் பெரிய குழாய் ஒன்று அங்கே நிற்கும். உள்ளே தீப்பிடித்தால் அதன் மூடியை இறுக்கி அடைத்துக் காற்றை நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்த மூடியின் கைப்பிடியைத் திருப்பினார். அசையவில்லை. குழாயின் அடியில் சுத்தியலால் மெல்லத் தட்டினார். பெயிண்ட் சில்லாக உதிர்ந்தது. இன்னொரு தட்டில் சுத்தியல் தகட்டுக்குள்ளேயே போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு பாகத்தைக் கழித்துச் சிவப்புப் புள்ளி வைத்தபிறகு, அதைச் செய்தவரை நானும் அப்படித்தான் பார்ப்பேன். பார்க்கப்படுகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கணவர் தலை குனிந்து நின்றார். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

சந்தேகம் வந்துவிட்டது. அவசரத் தீயணைப்பு பம்ப்பை ஓட்டச் சொன்னார். பம்ப் சத்தம் போட்டது, குழாயில் தண்ணீர் பீய்ச்சவில்லை, சொட்டியது. பிறகு ஆபத்தில் கப்பலைக் கைவிட்டுப் படகில் தப்பும் பயிற்சியை நடத்திக் காட்டச் சொன்னார். மணி அடித்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகடியில் கூடினோம். கப்பலில் இருக்கிற எவரும் விலக்கில்லை என்பதால் நானும் புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"கடைசியாக எப்போது படகை இறக்கினீர்கள்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இந்த மாதம்தான். தவறாமல் செய்கிறோம்" என்றார் கேப்டன்.

இன்ஸ்பெக்டர் வரிசையில் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, பயிற்சியின்போது நீங்கள் படகில் எங்கே உட்காருவீர்கள்?"

என் கணவர் அந்தப் பக்கம் படகை இறக்கும் பிரேக் கம்பியருகே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. "எனக்குத் தெரியாது. படகு இறங்கி நான் பார்த்ததில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

கேப்டனின் காது சிவந்து போனது. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, "ஆட்கள் ஏற வேண்டாம். வெறும் படகை இறக்குங்கள்" என்றார்.

என் கணவர் பிரேக்கைத் தூக்கினார். தூக்கினால் படகு தன் எடையிலேயே கடல்பக்கம் நகர்ந்து இறங்க வேண்டும். தாங்கியிருந்த இரண்டு இரும்புக் கைகளில் முன்கை கிறீச்சென்று நகர்ந்தது. பின்கை துருவில் சிக்கி நின்றுவிட்டது. படகு கோணலாகத் திரும்பித் தொங்கியது. "நிறுத்து, நிறுத்து!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். மாலுமிகள் இருவர் ஓடிப்போய்ப் பின்கையைக் கம்பியால் நெம்பினார்கள். கரைமேல் கிரேன் ஓட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என் கணவரும் போய் நெம்பினார். அசையவில்லை. அவர் முதுகு வியர்வையில் நனைந்திருந்ததை நான் பார்த்தேன், அத்தனை குளிரில்.

மதியம் தீர்ப்பு வந்தது. சில குறைகளைக் கப்பல் கிளம்பும்முன் சரிசெய்தால் போதும், சிலவற்றுக்குத் தவணை உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனால் படகு இறங்கவில்லை, தீயணைக்கத் தண்ணீர் வரவில்லை, காற்றை அடைக்க வழியில்லை. இந்த நிலையில் கடலுக்கு அனுப்பினால் ஆட்களைச் சாகக் கொடுத்ததுபோல. இதெல்லாம் சரியாகி நான் திரும்ப வந்து பார்க்கும்வரை கப்பல் நகரக் கூடாது." எந்த நாட்டுக் கொடியோ அந்த அரசுக்கும் தகவல் போனது.

அன்றைக்கு அறைக்கு வந்த என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பொய் சொல்லியிருக்கணுமாங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

கம்பெனி இத்தனை நாள் அனுப்பாத உருளைகள் விமானத்தில் வந்து சேர்ந்தன. வெல்டிங் ஆட்கள் வந்து குழாய்த் தகட்டை வெட்டிப் புதுசு வைத்தார்கள். பம்ப்பைப் பிரித்து மாட்டினார்கள். மாலுமிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் எனக்குக் கூசியது. கேப்டன் சாப்பாட்டு மேஜையில் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து, படகு தண்ணீர்வரை இறங்கி அதன் இன்ஜினும் ஓடியதைப் பார்த்தபிறகு எங்களைப் போகவிட்டார். அடுத்த துறைமுகத்தில் என் கணவரின் ஒப்பந்தத்தைக் கம்பெனி முடித்துக்கொண்டது. கேப்டன் அதே வேலையில் நீடித்தார்.

ஊருக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எப்படியோ முன்னால் வந்திருந்தது. மாங்காய் மண்டி வைத்திருந்த பெரியமாமனார் எல்லோர் முன்னாலும், "கப்பலப் புடிச்சு வெச்சுட்டாங்களாமே. தங்கமா, சாராயமா?" என்று கேட்டார்.

"கடத்தலெல்லாம் இல்லீங்க பெரீப்பா. ஆபத்துன்னா ஏறித் தப்பிக்கற போட்டு எறங்கல. அது என் பொறுப்புல இருந்துச்சு" என்றார் இவர்.

"இதுக்கா ஒரு கப்பலயே நிறுத்துவாங்க?" என்று அவர் நம்பாமல் சிரித்தார். கூடத்தில் மற்றவர்களும் சிரித்தார்கள். கடத்தல் என்றே சொல்லியிருந்தால் என் கணவருக்குக் கொஞ்சம் மதிப்பாவது இருந்திருக்கும் என்று தோன்றியது. நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சமையற்கட்டில் மாமியார் குரலைத் தணித்து, "நீதான் காட்டிக் குடுத்தியாமே. புருஷன் வேலன்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டார்.

"அந்தப் போட்டுலதான அத்த நானும் ஏறணும், அவரும் ஏறணும்."

அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூடத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தில் முகம் எரிந்தது. அடுத்த வருஷம் என் கணவருக்கு வேறொரு கப்பல் கிடைத்தது. என்னைக் கூட வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.